ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடும் கோடு

சார்ட்டில் விலைக்கு அடியில் ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ-யைப் போட்டுப் பார்ப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது அதன் நிலைகொள்ளாமைதான். ஆர்எஸ்ஐ 45-க்கும் 58-க்கும் நடுவே சோம்பலாக அசைந்துகொண்டிருக்கும். அதன் மேல் கட்டிய இந்தக் கோடோ அதே நாட்களில் 100-இல் முட்டி, 0-இல் விழுந்து, மறுபடி 100-க்கு ஏறியிருக்கும். விலை ஏழெட்டு ரூபாய் அங்குமிங்கும் போயிருக்கும், அவ்வளவுதான். இந்தப் படபடப்பில் பெரும்பங்கு சந்தையுடையது அல்ல, கணக்கினுடையது. அது எப்படி என்று பார்ப்போம்.

ஆர்எஸ்ஐ-யை 1978-இல் அறிமுகப்படுத்தியவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். இயந்திரப் பொறியாளராக இருந்து சந்தைக்கு வந்தவர். அவர் கணக்கு எளிமையானது. விலை ஏறிய நாட்களின் ஏற்றத்துக்கு ஒரு சராசரி, இறங்கிய நாட்களின் இறக்கத்துக்கு ஒரு சராசரி. இரண்டையும் கூட்டினால் வருகிற மொத்தத்தில் ஏற்றத்தின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்பதே ஆர்எஸ்ஐ. ஏற்றமும் இறக்கமும் சமமானால் 50. சராசரியை அவர் தினமும் புதிதாக எடுக்கவில்லை. நேற்றைய சராசரியை 13-ஆல் பெருக்கி, இன்றைய மாற்றத்தைக் கூட்டி, 14-ஆல் வகுத்தார். அதனால் ஒரே நாள் சரிவு ஆர்எஸ்ஐ-யைப் பெரிதாக உலுக்கிவிடாது.

அந்த நிதானமே சிலருக்குக் குறையாகப் பட்டது. 70-க்கு மேல் போனால் ஓவர்பாட், 30-க்குக் கீழே வந்தால் ஓவர்சோல்ட் என்பது வழக்கம். ஆனால் ஆர்எஸ்ஐ இந்த இரண்டு எல்லைகளையும் தொடாமல் வாரக்கணக்கில் நடுவிலேயே கிடக்கும். எல்லையைத் தொட்டால்தான் வாங்குவேன், விற்பேன் என்று காத்திருப்பவருக்கு வேலையே இருக்காது. துஷார் சாண்டேயும் ஸ்டான்லி க்ரோலும் 1994-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். சிகாகோவில் 1950-களில் ஜார்ஜ் லேன் பிரபலமாக்கிய ஸ்டோகாஸ்டிக் கணக்கு ஏற்கெனவே இருந்தது. கடந்த சில நாட்களின் உச்ச விலைக்கும் அடி விலைக்கும் இடையில் இன்றைய முடிவு விலை எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். அதில் விலை இருந்த இடத்தில் ஆர்எஸ்ஐ-யை வைத்தார்கள். சூத்திரம் இதுதான்:

```
StochRSI = 100 × (RSI − minRSI14) / (maxRSI14 − minRSI14)
```

இன்றைய ஆர்எஸ்ஐ கடந்த 14 நாட்களில் மிக உயர்ந்தது என்றால் 100. மிகத் தாழ்ந்தது என்றால் 0. சாண்டே, க்ரோல் கணக்கில் இது 0 முதல் 1 வரை. இன்றைய சார்ட்டுகளில் பெரும்பாலும் நூறால் பெருக்கிக் காட்டுகிறார்கள்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்து நான்கு நாள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விலை 500 ரூபாய். ஏற்றச் சராசரி 4 ரூபாய், இறக்கச் சராசரியும் 4 ரூபாய். ஆகவே ஆர்எஸ்ஐ 50. பங்கு சில வாரங்களாக அசையாமல் கிடந்ததால் கடந்த 14 நாட்களில் ஆர்எஸ்ஐ 47-க்கும் 52-க்கும் இடையிலேயே இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ 60.

மறுநாள் விலை 6 ரூபாய் ஏறி 506 ஆகிறது. ஏற்றச் சராசரி 58/14, இறக்கச் சராசரி 52/14. ஆர்எஸ்ஐ 58/110, அதாவது 52.7. இது 14 நாட்களில் இல்லாத உயரம். ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ 100. அடுத்த நாள் 5 ரூபாய் இறங்கி 501. ஆர்எஸ்ஐ 50.3, ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ 57. அதற்கடுத்த நாள் 8 ரூபாய் இறங்கி 493. ஆர்எஸ்ஐ 46.5. இப்போது இதுதான் 14 நாட்களில் மிகக் குறைவு. ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ 0.

மொத்தத்தில் விலை இறங்கியது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. ஆர்எஸ்ஐ 70 பக்கமும் போகவில்லை, 30 பக்கமும் போகவில்லை. ஆனாலும் இரண்டே நாளில் ‘ஓவர்பாட்’டின் உச்சியிலிருந்து ‘ஓவர்சோல்ட்’டின் அடிவரை ஒரு முழுப் பயணம் முடிந்துவிட்டது. 47 முதல் 52 வரை என்ற ஐந்து புள்ளி இடைவெளியை நூறாக இழுத்து நீட்டியதால் ஒவ்வொரு ஆர்எஸ்ஐ புள்ளிக்கும் இருபது புள்ளி மதிப்பு வந்துவிட்டது. வகுப்பில் எல்லோரும் 35, 36 என்று வாங்கியிருக்கும்போது 37 வாங்கியவன் முதல் ரேங்க் என்பது மாதிரிதான். ரேங்க் உண்மை, மார்க் என்ன என்று மட்டும் அது சொல்லாது.

இடைவெளி குறுகும்போது இப்படி ஆகும் என்பது பலருக்கும் தெரியும். இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டிரேடிங்வியூ தளத்தின் பைன் மொழியில் இந்த இண்டிகேட்டரை இப்படி எழுதுவார்கள்:

```
r = ta.rsi(close, 14)
k = ta.sma(ta.stoch(r, r, r, 14), 3)
d = ta.sma(k, 3)
```

இரண்டாம் வரியில் `r` மூன்று முறை வருவதைப் பாருங்கள். விலைக்கான ஸ்டோகாஸ்டிக்கில் அந்த மூன்று இடங்களில் முடிவு விலை, நாளின் உச்சம், நாளின் அடி என்று மூன்று வெவ்வேறு எண்கள் வரும். பங்கு 14 நாள் உச்சத்தைத் தொட்டாலும், அந்த உச்சத்திலேயே அன்றைய வியாபாரம் முடிவது அபூர்வம்; மாலைக்குள் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். ஆகவே லேனின் கணக்கு 93, 96 என்று நிற்கும், துல்லியமாக 100-ஐ எளிதில் தொடாது. ஆர்எஸ்ஐ-க்கோ ஒரு நாளைக்கு ஒரே எண்தான். அதுவே உச்சம், அதுவே அடி, அதுவே முடிவு. புதிய உயரம் வந்த நாளெல்லாம் சரியாக 100 என்று முட்டிக்கொள்கிறது.

சரி, புதிய உயரமோ புதிய தாழ்வோ எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும்? ஒரு நாளின் ஆர்எஸ்ஐ-க்கும் மறுநாள் ஆர்எஸ்ஐ-க்கும் சம்பந்தமே இல்லை, குலுக்கிப் போட்ட எண்கள்தான் என்றால், 14 எண்களில் கடைசி எண் மிகப் பெரியதாக இருக்க 14-இல் ஒரு வாய்ப்பு. மிகச் சிறியதாக இருக்கவும் அதே. இரண்டும் சேர்ந்து 14 சதவீதம். ஏழு நாளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஓரம்.

ஆனால் ஆர்எஸ்ஐ குலுக்கல் எண் அல்ல. இன்றைய சராசரியில் 14-இல் 13 பங்கு நேற்றையது. அது நேற்று நின்ற இடத்திலிருந்தே இன்று ஓர் அடி எடுத்து வைக்கிறது. விலை ஏறினால் மேலே, இறங்கினால் கீழே. இப்படி நேற்றின் மேல் இன்று என்று நடக்கும் எண்களைக் கணித நிபுணர்கள் ‘தற்செயல் நடை’ என்ற பெயரில் ஆராய்ந்திருக்கிறார்கள். டென்மார்க்கின் எரிக் ஸ்பார்ரே ஆண்டர்சன் 1950-களில் நிறுவிய ஒரு முடிவு இங்கே உதவுகிறது. மேலும் கீழும் சம வாய்ப்புள்ள நடையில், அடியின் நீளம் எப்படி மாறினாலும் சரி, 14 நாளுக்குள் வரும் 13 அடி முடிந்தபின் நிற்கும் இடமே அதுவரையிலான உச்சமாக இருக்க வாய்ப்பு சுமார் 15.5 சதவீதம். மிகத் தாழ்ந்த இடமாக இருக்கவும் அதே. ஆக 31 சதவீதம். ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒரு நாள் ஓரத்தில் நிற்பது எந்தச் சந்தைச் செய்தியும் இல்லாமலே நடக்கும்!

ஆர்எஸ்ஐ முழுத் தற்செயல் நடையும் அல்ல. மிகவும் விலகிப் போனால் 50-ஐ நோக்கித் திரும்பும் போக்கு அதற்கு உண்டு. எனவே உண்மை விகிதம் 14-க்கும் 31-க்கும் நடுவில் எங்காவது இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். எப்படியானாலும் நடுவில் வசிப்பது இந்தக் கோட்டின் இயல்பு அல்ல. 100-ஐக் கண்டதும் “சந்தை சூடேறிவிட்டது” என்பவர் பெரும்பாலும் இந்தக் கணிதத்தைத்தான் பார்த்துச் சொல்கிறார்.

விலை ஒரு பைசாகூட நகராமலும் இந்தக் கோடு தாவ முடியும். பதின்மூன்று நாட்களுக்கு முன் ஆர்எஸ்ஐ 68-இல் இருந்தது. மறுநாள் காலாண்டு முடிவு ஏமாற்றம் தந்து 56-க்கு விழுந்தது. அதன்பின் 45 வரை இறங்கி இப்போது 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கணக்கு: 45-இலிருந்து 68 வரை 23 புள்ளியில் 10 புள்ளி, அதாவது 43. நாளை விலை அப்படியே முடிந்தால் ஆர்எஸ்ஐ-யும் 55-இலேயே நிற்கும். ஆனால் அந்தப் பழைய 68 கணக்கை விட்டு வெளியேறிவிடும். உச்சம் 56 ஆகும். 11-இல் 10, அதாவது 91. சந்தையில் எதுவும் நடக்கவில்லை; 14 வியாபார நாளுக்கு முந்தைய ஒரு நாள் மறக்கப்பட்டது, அவ்வளவே. திடீர்த் தாவலைக் கண்டால் முதலில் இன்றைய விலையைப் பார்க்காமல் 14 நாள் பின்னால் போய்ப் பார்ப்பது நல்லது.

பைன் வரிகளில் உள்ள `sma` இந்த ஆட்டத்தைத் தணிக்கத்தான். மூன்று நாள் சராசரி `k`, அதன் மூன்று நாள் சராசரி `d`. நம் கற்பனைப் பங்கில் நான்காம் நாள் நேர்க்கணக்கு 0. `k` மட்டும் 100, 57, 0 மூன்றுக்கும் சராசரியாக 52 என்று நடுவில் நிற்கும். கோடு அழகாகிறது. ஆனால் வேகம் வேண்டும் என்றுதானே இதைக் கண்டுபிடித்தார்கள்? ஒவ்வொரு சராசரியும் சுமார் ஒரு நாள் தாமதத்தைக் கொண்டுவருகிறது. 14 நாள் சாளரத்தை 50 ஆக்கினாலும் பலன் கொஞ்சம்தான்: தற்செயல் நடைக்கு ஓரத்தில் நிற்கும் வாய்ப்பு 31-இலிருந்து 16 சதவீதமாகக் குறையும். சாளரம் மூன்றரை மடங்கு ஆனால்தான் ஓரம் பாதியாகிறது.

என்னைக் கேட்டால், இந்தக் கோட்டைப் பார்க்கும்போது பக்கத்திலேயே ஆர்எஸ்ஐ-யின் 14 நாள் உச்சத்தையும் அடியையும் போட்டு வைத்துக்கொள்வேன். இடைவெளி ஆறேழு புள்ளிதான் என்றால் 0-உம் 100-உம் சொல்வதற்கு எதுவுமில்லை. இடைவெளி 25 என்றால் கவனிக்கலாம். அப்போதும் ஆர்எஸ்ஐ எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தாக வேண்டும். வலுவாக ஏறும் பங்கில் ஆர்எஸ்ஐ 82-இலிருந்து 66-க்கு இறங்கினாலே இந்தக் கோடு 0 காட்டலாம். 66-ஐ ஓவர்சோல்ட் என்று வைல்டர் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார்.

கடைசியாக ஒரு விசித்திரம். புதிதாகப் பட்டியலிட்ட ஒரு பங்கு தினமும் அப்பர் சர்க்யூட்டில் முடிகிறது, ஒருநாள்கூட இறங்கவில்லை. இறக்கச் சராசரி 0, ஆகவே ஆர்எஸ்ஐ எல்லா நாளும் 100. உச்சமும் அடியும் ஒன்றே. சூத்திரத்தில் மேலே 0, கீழேயும் 0. சந்தையிலேயே மிகச் சூடான அந்தப் பங்குக்கு ஸ்டோகாஸ்டிக் ஆர்எஸ்ஐ என்று ஒரு விடையே கிடையாது.