சந்தையின் கணிப்பும் நம் கணிப்பும்: தோட்டப் பங்குகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஈப்போ நகரில் எஸ்.பி. சீனிவாசகம் பெயர் தாங்கிய சாலையில், கோலாலம்பூர் கெப்போங் என்னும் தோட்ட நிறுவனத்தின் தலைமையகம் உள்ளது. பெயரில் கோலாலம்பூர் இருப்பினும் இருப்பிடம் ஈப்போதான். பால்மரத்தில் வளர்ந்து செம்பனைக்கு மாறிய இந்நிறுவனத்தின் பங்குகள் மலேசியப் பங்குச்சந்தையில் அன்றாடம் கைமாறுகின்றன. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, இன்று ஈப்போவில் ஆசிரியராகப் பணியாற்றும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மறுநடவு எங்கே நடக்கிறது, ஆள் பற்றாக்குறை எவ்வளவு, எந்த மரம் காய்க்கும் வயதில் உள்ளது என்பதை அவர் உறவினர் வாயிலாக அறிவார். அடுத்த சில ஆண்டுகளில் தோட்டப் பங்குகள் பிற பங்குகளைவிட நல்ல வருவாய் தரும் என்பது அவர் கருத்து. அக்கருத்தை நம்பி அவர் தம் சேமிப்பில் எவ்வளவு பங்கைத் தோட்டத்தின் பக்கம் சாய்க்கலாம்? இக்கட்டுரை ஆராய்வது இவ்வொரு வினாவையே.

1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் இதற்கொரு வழி காட்டினார். ஒவ்வொரு முதலீட்டிலும் எதிர்பார்க்கும் வருவாய், அதன் ஏற்ற இறக்கம், ஒன்றோடொன்று சேர்ந்து அசையும் அளவு ஆகியவற்றைக் கொடுத்தால், பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கணக்கு சொல்லிவிடும். ஆனால் நடைமுறையில் அக்கணக்கு ஒரு முரட்டுக் குதிரை. ஏறத்தாழ ஒரே மாதிரியான இரு தோட்ட நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டின் ஏற்ற இறக்கமும் 20 விழுக்காடு, ஒட்டுறவு 0.95. இரண்டும் 5 விழுக்காடு தரும் என்றால், பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரி என்கிறது கணக்கு. ஒன்று மட்டும் 5.5 விழுக்காடு தரும் என்று திருத்தினால், அதில் 143 விழுக்காடு போடு, மற்றதை 43 விழுக்காட்டளவு கடன் வாங்கி விற்றுவிடு என்கிறது. அரை விழுக்காட்டைத் துல்லியமாகக் கணிக்க வல்லவர் எவருமிலர். ஆயினும் அந்த அரை விழுக்காடே முழு முடிவையும் புரட்டிவிடுகிறது.

கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிஷர் பிளாக், ராபர்ட் லிட்டர்மன் இருவரும் 1990ஆம் ஆண்டளவில் இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டனர். அவர்கள் செய்தது தொடக்கப் புள்ளியை மாற்றியதுதான். எல்லா வருவாய்களையும் நாமே கணித்து எழுதுவதை விடுத்து, சந்தை ஏற்கெனவே கணித்து வைத்திருப்பதை முதலில் படித்தறிய வேண்டும் என்றனர். சந்தை எங்கே எழுதி வைத்திருக்கிறது? எல்லா முதலீட்டாளரும் சேர்ந்து ஒவ்வொரு துறையிலும் எவ்வளவு பணத்தை வைத்திருக்கிறார்களோ, அந்த விகிதத்தில்தான். அவர்கள் அந்த விகிதத்தோடு நிறைவுற்றிருக்க வேண்டுமாயின் ஒவ்வொரு துறையும் எவ்வளவு வருவாய் தர வேண்டும் என்று கணக்கைத் தலைகீழாகப் போட்டால், கிடைப்பதே சமநிலை வருவாய்.

எண்களில் பார்ப்போம். இவை விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை; சந்தையின் உண்மை அளவுகள் அல்ல. சந்தையில் தோட்டத் துறை 20 விழுக்காடு, பிற துறைகள் 80 விழுக்காடு. தோட்டத்தின் ஏற்ற இறக்கம் 20 விழுக்காடு, பிறவற்றினது 15 விழுக்காடு, ஒட்டுறவு 0.5. எனவே தோட்டத்தின் மாறுபாடு 0.04, பிறவற்றினது 0.0225, இரண்டின் இணைமாறுபாடு 0.015. தோட்டம் மொத்தச் சந்தையோடு சேர்ந்து அசையும் அளவு, 0.04இன் 20 விழுக்காடும் 0.015இன் 80 விழுக்காடும் சேர்ந்தது, அது 0.020. முதலீட்டாளர் இடருக்குக் கேட்கும் ஈட்டின் அளவை 2.5 எனக் கொண்டு பெருக்கினால் 5 விழுக்காடு. பிற துறைகளுக்கு அவ்வாறே 5.25 விழுக்காடு. இவை இடரற்ற வைப்புத்தொகை வட்டிக்கு மேல் கிடைக்க வேண்டிய மிகை வருவாய். தனியே பார்த்தால் மிகுதியாக ஆடும் தோட்டத்திற்குச் சற்றுக் குறைந்த வருவாய் போதும் என்பது விந்தையாகத் தோன்றலாம். சந்தை ஈடு தருவது தனி ஆட்டத்திற்கு அன்று. முழுத் தொகுப்போடு சேர்ந்து ஆடுவதற்கே.

இப்போது ஆசிரியரின் கருத்துக்கு வருவோம். தோட்டம் பிறவற்றைவிட ஆண்டுக்கு 3 விழுக்காடு மிகுதியாகத் தரும் என்கிறார் அவர். சந்தையோ 0.25 விழுக்காடு குறைவாகத் தரும் என்கிறது. இடைவெளி 3.25. தம் கருத்தின் மீது அவருக்குள்ள உறுதி, சந்தைக் கணிப்பின் உறுதிக்கு நிகரானது எனக் கொண்டால், இடைவெளியில் பாதி, அதாவது 1.625, மூடப்படும். அதைத் தோட்டத்தின் மீது மட்டும் ஏற்றுவதில்லை. இரண்டும் சேர்ந்து அசையும் முறைக்கேற்பக் கணக்கு அதைப் பங்கிடுகிறது: தோட்டம் 1.25 ஏறி 6.25 விழுக்காடு ஆகிறது. பிற துறைகள் 0.375 இறங்கி 4.875 ஆகின்றன. இப்புதிய வருவாய்களை மார்க்கோவிட்ஸ் கணக்கில் இட்டால், தோட்டம் 20இலிருந்து 40 விழுக்காடாகவும், பிற 80இலிருந்து 60 ஆகவும் மாறுகின்றன. குதிரை இங்கே கடிவாளத்திற்கு அடங்குகிறது. உறுதி குறைந்து, இடைவெளியில் கால்பங்கே மூடப்படுமாயின் தோட்டம் 30 விழுக்காட்டோடு நிற்கும். ஐயமே இல்லை என்றால் 60 வரை செல்லும். கருத்தே இல்லை என்பார்க்குச் சந்தை விகிதமே விடை.

மாணவர்கள் இடறும் இடம் ஒன்றுண்டு. 'தோட்டப் பங்கு நன்றாகவே இருக்கும். வட்டிக்கு மேல் 4 விழுக்காடு தரும்' என்று ஒருவர் சொன்னால், அவர் தோட்டத்தை ஆதரிப்பதாகவே காதில் விழும். ஆனால் சந்தை 5 எதிர்பார்க்கும்போது 4 என்பது பாதகமான கருத்து. கணக்கு அவர் கையிருப்பைக் குறைக்கவே செய்யும். ஒரு கருத்தின் திசையை அதன் சொல்லால் அறிய இயலாது. சமநிலையோடு ஒப்பிட்டே அறிய வேண்டும். 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியபோது, தோட்டங்கள் பெருலாபம் ஈட்டுகின்றன என்பதை அறியாதார் இல்லை. அனைவரும் அறிந்த செய்தி பங்கின் விலையில் ஏறிவிட்டிருக்கும். அதை மீண்டும் தம் கருத்தாக எழுதுபவர் ஒரே செய்தியை இருமுறை எண்ணுகிறார். அவ்வாண்டு செப்டம்பருக்குள் எண்ணெய் விலை 4,000 ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கிற்று.

உறுதியின் அளவே இம்முறையின் மென்மையான பகுதி. அதை எந்தச் சூத்திரமும் தராது. நாமே இட வேண்டும். நான் கையாளும் சோதனை எளியது: முடிவாக வந்த விகிதத்தைப் பார்த்து, 'சம்பளப் பணத்தை இப்படி வைப்பேனா?' என்று கேட்டுக்கொள்வது. மனம் ஒப்பவில்லையெனில், வாயால் சொன்ன உறுதி மிகை என்பது வெளிப்படும்.

வேறொரு வரம்பைப் பேராக் மண்ணே நினைவூட்டுகிறது. வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினர். வேலையும் வீடும் பறிபோகாமல் காப்பது அதன் நோக்கம். அந்நோக்கத்திற்கு அது சரியான முடிவே. எனினும் இடரின் கோணத்தில் பார்த்தால், அத்தொழிலாளியின் கூலி, குடியிருப்பு, சேமிப்பு மூன்றும் ஒரே மரத்தில் தொங்கின. மேற்கண்ட கணக்கு சந்தையின் சராசரி முதலீட்டாளரிடமிருந்து தொடங்குகிறது. அவருக்குத் தோட்டக் கூலி கிடையாது. 40 விழுக்காடு என்று வந்த விடை ஒருவருடைய முழுச் செல்வத்திற்கு உரியது. நம் ஆசிரியரின் சம்பளம் அரசிடமிருந்து வருவதால் அவர் அந்த 40ஐப் பங்குகளாகவே வைக்கலாம். இன்றும் தோட்டத்தில் மேற்பார்வையாளராக உள்ள அவர் தம்பியும் அதே கருத்தை அதே உறுதியோடு உடையவர் எனக் கொள்வோம். அவர் இனி ஈட்டவிருக்கும் சம்பளமும் செல்வத்தின் ஒரு பகுதியே. அதைச் சேர்த்து எண்ணினால் 40ஐ அவர் எப்போதோ கடந்திருப்பார். அவர் வாங்க வேண்டிய தோட்டப் பங்கு ஒன்றுகூட இராது.