ரயிலில் தொலைந்த மோதிரமும் காப்பீட்டுக் கடிதமும்

ராமேஸ்வரத்திலிருந்து சென்னை திரும்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கை கழுவ மோதிரத்தைக் கழற்றி வாஷ்பேசின் ஓரம் வைத்தார் மனைவி. எழும்பூரில் இறங்கிய பிறகுதான் விரல் வெறுமையாக இருப்பது தெரிந்தது. வீட்டுக் காப்பீட்டில் நகைகளுக்கும் பணம் கட்டியிருக்கிறார்கள். இனி கடிதம் எழுத வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். “திருடு போய்விட்டது” என்று எழுதினால் பணம் சீக்கிரம் வரும் என்று நினைப்பார்கள். ரயில்வே போலீஸில் கொடுத்த புகாரில் “தவறவிட்டேன்” என்று இருந்தால், அந்த முரண்பாடே மறுப்புக்குக் காரணமாகிவிடும். எங்கே கழற்றினார், எந்தப் பெட்டி, எத்தனை மணி, எப்போது கவனித்தார் என நடந்ததை நடந்தபடியே எழுதுவது நல்லது. எப்படிப் போனது என்றே தெரியாத இழப்பைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு மட்டும் ஈடு தரும் பாலிசிகளும் உண்டு. ஆகவே வெளியூரில் தொலைவதும் சேர்த்தியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது சான்றுகள். புகாருக்குக் கிடைத்த சி.எஸ்.ஆர். ரசீது, பயணச்சீட்டு, கடை பில், மோதிரம் விரலில் இருக்கும் பழைய புகைப்படம் ஆகியவற்றின் நகல்களைக் கடிதத்தோடு இணைக்கலாம். ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளத்தைக் குறித்து வைத்திருந்தால், நகையின் தூய்மை பற்றி வாதம் எழாது.

மதிப்பீட்டில்தான் உண்மையான சிக்கல். மோதிரம் மொத்தம் 6.2 கிராம், அதில் கல் 0.2 கிராம் என்று வைப்போம். தங்க விலையை 6.2 கிராமுக்குப் போடக்கூடாது, 6 கிராமுக்குத்தான். கணக்குக்காக கிராம் 9,000 ரூபாய் என்றால் தங்கம் 54,000. செய்கூலி, சேதாரம் 6,000, கல் 4,000 சேர்த்து 64,000. அதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 1,920. ஆக, அதேபோல இன்னொன்று வாங்க 65,920 ரூபாய் ஆகும். பழைய பில்லோடு, கடைக்காரர் கையெழுத்திட்ட இன்றைய மதிப்பீட்டையும் இப்படிப் பிரித்து எழுதி வாங்குவது அவசியம்.

அவ்வளவும் கிடைத்துவிடுமா? பாலிசிப் பட்டியலில் அந்த மோதிரத்துக்கு 50,000 என்று எழுதியிருந்தால் அதுதான் உச்சவரம்பு. நகைகளை மொத்தமாக 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, உண்மையில் 10 லட்சம் பெறும் நகை இருந்தால், சராசரி விதியின்படி பாதிதான் தருவார்கள். தங்கம் ஏற ஏற இந்தப் பள்ளமும் ஆழமாகும். செய்கூலியைத் தருவார்களா என்பதும் பாலிசி வாசகத்தைப் பொறுத்தது.

கடிதத்தைக் கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் மறுத்தால் அதனிடமே எழுத்தில் முறையிடலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.