பிறந்த மாதமும் வாங்கும் சம்பளமும்

ஒரே ஆண்டில், அமெரிக்காவின் ஒரே ஊரில் பிறந்த இரண்டு பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் 1930 ஜனவரியில் பிறந்தவன், மற்றவன் டிசம்பரில். ஆறு வயது நிறையும் ஆண்டில் பள்ளியில் சேர்ப்பது அங்கே வழக்கம். அதனால் இருவரும் 1936 செப்டம்பரில் ஒன்றாகவே முதல் வகுப்புக்குப் போகிறார்கள். பதினாறு வயது வரை படித்தே ஆகவேண்டும் என்பது பல மாநிலங்களில் சட்டம். படிப்பு பிடிக்காத பையன்கள் அந்தப் பிறந்தநாளுக்காகவே காத்திருப்பார்கள். ஜனவரிப் பையன் பத்தாம் வகுப்பின் நடுவிலேயே வெளியேறிவிடலாம். டிசம்பர்ப் பையனோ பதினோராம் வகுப்புக்குள் நுழைந்த பிறகுதான் விடுதலை பெறுவான்.

இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜோஷுவா ஆங்ரிஸ்ட், ஆலன் க்ரூகர் என்ற பொருளியல் அறிஞர்கள் 1991-இல் ஒரு பழைய சிக்கலை அவிழ்க்கப் பார்த்தார்கள். ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தால் சம்பளம் எவ்வளவு கூடும் என்பதே அந்தச் சிக்கல்.

கேட்க எளிதான கேள்விதான். அதிகம் படித்தவர்களும் குறைவாகப் படித்தவர்களும் வாங்கும் சம்பளத்தை ஒப்பிட்டால் போதாதா? போதாது. அதிகம் படித்தவருக்கு இயல்பிலேயே கூர்மையான புத்தி இருந்திருக்கலாம். வசதியான வீடு, விடாமுயற்சி, வேலை வாங்கித் தரும் உறவினர்கள் இருந்திருக்கலாம். இவையெல்லாம் படிப்பையும் கூட்டும், சம்பளத்தையும் கூட்டும். பெற்றோரின் வருமானத்தையாவது கேட்டு எழுதிக்கொள்ளலாம். விடாமுயற்சியை எந்தப் படிவத்தில் நிரப்புவது? அளக்க முடியாததைக் கணக்கிலிருந்து கழிக்கவும் முடியாது.

எனவே வேறு வழி தேட வேண்டியிருந்தது. படிப்பின் அளவை மட்டும் லேசாகத் தள்ளிவிடுகிற, ஆனால் புத்தியோடும் குடும்பத்தோடும் ஒட்டுறவில்லாத ஏதோ ஒன்று வெளியிலிருந்து வரவேண்டும். சம்பளத்தை அது தொடுவதானால் படிப்பின் வழியாக மட்டுமே தொடவேண்டும். இப்படிப்பட்ட ஒன்றைத்தான் புள்ளியியலில் ‘கருவி மாறி’ என்கிறார்கள். அந்த இருவர் கண்டெடுத்த கருவி, பிறந்த மாதம்.

1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து, 1930 முதல் 1939 வரை பிறந்த சுமார் 3,29,000 ஆண்களின் விவரங்களை எடுத்தார்கள். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம். முதல் கூட்டத்தார் சராசரியாக 0.109 ஆண்டு குறைவாகப் படித்திருந்தார்கள். ஏறக்குறைய ஒன்றேகால் மாதம். அவர்களுடைய வாரச் சம்பளமும் சுமார் 1.1 சதவீதம் குறைவு.

இனி ஒரே ஒரு வகுத்தல். 0.109 ஆண்டுக்கு 1.1 சதவீதம் என்றால், ஒரு முழு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம். வெறுமனே படிப்பையும் சம்பளத்தையும் ஒப்பிட்டால் கிடைத்த விடை ஆண்டுக்கு 7 சதவீதம்தான். புத்திசாலித்தனத்தின் பங்கைப் படிப்பின் கணக்கில் எழுதிவிடுவதால் நேரடி ஒப்பீடு விடையை ஊதிக் காட்டும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். இங்கே அப்படி ஊதிய தடயம் தெரியவில்லை.

ஆனால் இந்த 10 சதவீதம் யாருடையது என்று பார்க்க வேண்டும். எப்படியும் கல்லூரிக்குப் போயிருக்கக்கூடியவனுக்கு ஜனவரியும் டிசம்பரும் ஒன்றுதான். சட்டம் அவனைத் தொடவே இல்லை. சட்டம் கட்டிப்போட்டதால் மட்டும் சில மாதம் கூடுதலாக வகுப்பில் உட்கார்ந்தவர்களைப் பற்றியே இந்த எண் பேசுகிறது. கல்லூரிப் பட்டத்தின் மதிப்பை இதிலிருந்து கணக்கிட முடியாது. கருவி மாறியின் விடை யாருக்குப் பொருந்தும் என்பதை ஆங்ரிஸ்டும் கைடோ இம்பென்ஸும் 1994-இல் தெளிவாக்கினார்கள். 2021-இல் பொருளியல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது.

கருவிக்குத் தேவையான இரண்டு தகுதிகளில் ஒன்றைத் தரவுகளிலேயே சோதிக்கலாம். பிறந்த மாதம் படிப்பை அசைக்கிறதா என்பதை 0.109 என்ற எண் காட்டிவிடுகிறது. மற்றதை அப்படிச் சோதிக்க முடியாது. பிறந்த மாதம் வேறு வழியாகவும் சம்பளத்தைத் தொடுகிறதா என்று அறிய, அந்தக் கணக்கெடுப்புக்கு வெளியே போய்த் தேட வேண்டும். காஸி பக்கிள்ஸ், டேனியல் ஹங்கர்மன் இருவரும் அப்படித் தேடினார்கள். அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழ்களைப் புரட்டி, 2013-இல் வெளியிட்ட ஆய்வில் அவர்கள் சொன்னது இது: குளிர்காலத்தில் பிள்ளை பெறுகிறவர்களில் பதின்பருவத் தாய்மாரும் திருமணமாகாத தாய்மாரும் சற்றே அதிகம்.

வெளியே தள்ளிய குடும்பப் பின்னணி கொல்லைப்புறமாக மறுபடி உள்ளே வந்துவிட்டது. சம்பளத்தில் இருக்கும் வித்தியாசமே வெறும் 1.1 சதவீதம். அதில் 0.3 மட்டும் வீட்டுச் சூழலால் வந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், படிப்புக்கு மிஞ்சுவது 0.8. அதை 0.109-ஆல் வகுத்தால், 10 என்று வந்த விடை 7 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடும்.