எந்த நாள் நனையாத நாள்?

செப்டம்பர் கடைசி வாரம், சென்னை. மொட்டை மாடியில் மாலை 6 முதல் 9 மணி வரை ஒரு வரவேற்பு. மூன்று நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது: வெள்ளி 50%, 33 டிகிரி, சனி 40%, 36 டிகிரி, ஞாயிறு 40%, 33 டிகிரி. எல்லோரும் வெள்ளியைத்தான் முதலில் கழிப்பார்கள்.

அவசரப்பட வேண்டாம். 40% என்றால், இப்படிக் கணித்த பத்து நாட்களில் நான்கில் அந்த இடத்தில் மழை விழும் என்று பொருள். எவ்வளவு நேரம், எவ்வளவு மழை என்பது அதில் இல்லை. சிறு தூறலும் இந்த எண்ணில் சேரும், கொட்டும் மழையும் சேரும். அளவு வேண்டுமானால் மில்லிமீட்டர் கணக்கைத் தனியே பார்க்க வேண்டும். மழை நாள் என்று வானிலைத் துறை கணக்கில் எடுப்பதே 2.5 மி.மீ. பெய்த பிறகுதான்.

அடுத்து, மணிவாரிப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே படம் மாறுகிறது. வெள்ளியின் 50% விடியற்காலை 2 முதல் 5 மணி வரைக்கானது. மாலையில் வெறும் 15%. சனிக்கிழமை பகலெல்லாம் 10%க்குக் கீழே, இரவு 7 மணிக்கு 40%. ஞாயிறு மதியம் முதல் இரவு வரை 25, 30 என்று பரவிக் கிடக்கிறது. வரவேற்புக்கு ஏற்ற நாள் வெள்ளிதான்.

சனிக்கிழமையின் 36 டிகிரியும் ஒரு எச்சரிக்கை. இந்தப் பருவத்தில் பகல் வெயில் நிலத்தைச் சூடாக்க, கடற்காற்று உள்ளே புகுந்து மேற்குக் காற்றோடு மோதும். உள் மாவட்டங்களில் திரளும் இடிமேகங்கள் மாலையில் நகரை நோக்கி நகரும். பகல் நன்றாகக் காய்ந்தது என்பதற்காக மாலையை நம்ப முடியாது.

ஸ்கிரீன்ஷாட் உறைந்துபோன படம். கணிப்போ நாளுக்குச் சில முறை புதுப்பிக்கப்படுகிறது. எனவே படத்தின் மேலே உள்ள நேரத்தை வெட்டிவிடாமல் அனுப்புங்கள். ஒரே செயலியில், ஒரே இடத்துக்கு, தினமும் ஒரே நேரத்தில் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். வெள்ளி மாலை 20, 15, 15 என்று நின்றால் நம்பலாம். 10, 45, 20 என்று குதித்தால் கணிப்பே இன்னும் முடிவுக்கு வரவில்லை. பத்து நாளுக்கு அப்பால் தெரியும் எண்ணை வைத்து மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஐந்து நாளுக்குள் வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

நிகழ்ச்சி அன்று மதியத்துக்கு மேல் சதவீதத்தை விட்டுவிட்டு, வானிலைத் துறையின் ரேடார் படத்தைப் பாருங்கள். மேற்கே மேகம் திரள்வது அதில் தெரிந்துவிடும். மூன்று நாளிலும் மாலை எண் 40%ஐத் தாண்டினால், நல்ல நாள் தேடுவதை நிறுத்திவிட்டுப் பந்தல்காரரைக் கூப்பிடுங்கள்.