புள்ளியா, இல்லையா?

வார இதழில் வரும் எழுத்துப் புதிரைப் பிள்ளைக்குச் சொல்லித் தர உட்கார்ந்தால், காலியான கட்டத்தைப் பார்த்ததும் ‘க, கா, கி’ என்று வரிசையாக ஒப்பிக்கத் தொடங்கிவிடுவாள். தமிழில் 247 எழுத்துகள். அது விடியும் வேலை இல்லை. அவள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கட்டத்தில் வருவது புள்ளி எழுத்தா, உயிர்மெய்யா என்பதுதான்.

‘பெயர்களை வரிசையாக எழுதியது’ என்பது குறிப்பு. கட்டங்கள்: ப _ டி _ ல்.

முதல் காலியிடத்தை அடுத்து டி நிற்கிறது. ஒரே சொல்லுக்குள் டகரத்துக்கு முன்னால் புள்ளி எழுத்து வந்தால் அது ட் ஆகவோ ண் ஆகவோதான் இருக்கும்: வட்டம், வண்டி. றகரமும் இப்படித்தான், ற் அல்லது ன்: காற்று, கன்று. புதிர் போடுவோருக்கு இந்த இரண்டு எழுத்தும் எதிரி என்பேன். ககரமும் பகரமும் அவ்வளவு சுலபமாகப் பிடி கொடுக்காது. அன்பு, நண்பன், இயல்பு, நட்பு, வம்பு, உப்பு என்று பகரத்துக்கு முன் வருபவை பல.

ஆக, ‘பட்டி’ அல்லது ‘பண்டி’. காலியிடம் உயிர்மெய்யாகவும் இருக்கலாம் (பகடி போல). ஆனாலும் இந்த இரண்டையும் முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த காலியிடம் ல் என்ற புள்ளிக்கு முன்னால் இருக்கிறது. சொல்லின் கடைசியில் இரண்டு புள்ளி எழுத்துகள் சேர்ந்து நிற்காது. எனவே இங்கே உயிர்மெய்தான். தனி உயிராகவும் இருக்க முடியாது. அ, ஆ போன்றவை சொல்லின் முதலில் மட்டும் தனியாக நிற்கும். நடுவில் மெய்யோடு சேர்ந்தே வரும். டி இகரத்தில் முடிகிறது. இ, ஈ, ஐ ஆகிய ஒலிகளை அடுத்து இன்னோர் உயிர் சேர வந்தால், இடையில் பெரும்பாலும் யகரம் நுழையும்: மணி, ஓசை சேர்ந்தால் மணியோசை. அகரம் சேர்ந்தால் ய. பட்டியல்! ‘பண்டியல்’ என்று சொல்லிப் பார்த்தால் காதே வேண்டாம் என்கிறது.

இரண்டு காலியிடங்கள் அடுத்தடுத்து வந்தால் சங்கடம். வா _ _ து, ‘நலம் வேண்டிச் சொல்வது’. இரண்டும் புள்ளி என்றால், முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்று. வாய்த்து, வார்த்து, வாழ்த்து, வாழ்ந்து எல்லாமே சரியான தமிழ். குறிப்பு பெயர்ச்சொல்லைக் கேட்பதால் வாழ்த்து மட்டும் மிஞ்சுகிறது.

நன்னூலும் தொல்காப்பியமும் மெய்ம்மயக்கம் என்று வகுத்தது இதைத்தான். வந்து சேர்ந்த சொற்கள் இதற்குக் கட்டுப்படுவதில்லை. க் என்ற புள்ளிக்குப் பின் ககர வரிசையே வரும் என்று நம்பி உட்கார்ந்தால் பக்தியும் சக்தியும் ஏமாற்றிவிடும். டகரத்தில் தொடங்கும் டீ, ட் என்று முடியும் கிரிக்கெட் எல்லாம் அந்த ரகம். குறுக்கே வரும் சொல் உறுதியாகத் தந்த எழுத்து விதியோடு மோதினால், எழுத்தை அழிக்காமல் ‘இது வடசொல்லா, ஆங்கிலமா?’ என்று கேட்கப் பழக்குங்கள்.