பந்துக்கு முன் பேட்டைப் பாருங்கள்

டேபிள் டென்னிஸ் பழகத் தொடங்கியவர்களைத் திணற வைப்பது பெரும்பாலும் வேகமான சர்வ் அல்ல. மெதுவாக, வலையை ஒட்டிக் குட்டையாக விழும் சர்வ்தான். பந்து ஏறக்குறைய நேராகத்தான் வருகிறது. வாங்குபவர் பேட்டை நீட்டித் தடுக்கிறார். தொட்டதும் அது பக்கவாட்டில் பாய்ந்து மேசைக்கு வெளியே போய் விழுகிறது. கோளாறு பேட்டில் இல்லை. பந்துக்குள் சைடு ஸ்பின் இருந்தது, அது கடைசி நொடி வரை வெளியே தெரியவில்லை.

அது ஏன் தெரிவதில்லை என்பதற்குப் பம்பரமே விடை சொல்லும். பம்பரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஆணி நிற்கும் இடம் பெரிதாக நகர்வதில்லை. பக்கத்தில் விரல் வைத்தால்தான் தட்டி விடும். முழுக்கப் பக்கவாட்டில் சுழலும் பந்தும் அப்படித்தான். மேசையைத் தொடுவது அதன் அடிமுனை, அதாவது ஆணி இருக்கும் இடம். அதனால் துள்ளும்போது அது அதிகம் திரும்புவதில்லை, சுழற்சியும் பெரிதாகக் குறைவதில்லை. செங்குத்தாக நீட்டிய பேட்டோ பந்தின் நடுவயிற்றைத் தொடுகிறது. முழுச் சுழற்சியையும் வாங்கிக்கொள்வது அந்த பேட்தான்.

நீளமான சர்வில் பந்து காற்றில் வளைவதைக் கண்ணால் பிடிக்கலாம். குட்டை சர்வில் அதற்குத் தூரமும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே சர்வ் போடுபவரின் பேட் எப்படி நகர்ந்தது, பந்தை எங்கே தொட்டது என்பதைப் பார்த்துத்தான் சுழற்சியைக் கணிக்க வேண்டும்.

மிகப் பரவலான பெண்டுலம் சர்வையே எடுத்துக்கொள்வோம். வலக்கை ஆட்டக்காரர் மேசையின் இடது மூலையில் நிற்கிறார். மணிக்கட்டு தாராளமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகக் கைப்பிடியிலிருந்து மூன்று விரல்களை விடுவித்து, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் பேட்டைப் பற்றுகிறார். பந்தை மேலே எறிகிறார். அது இறங்கும்போது முன்கை ஊசலாடி, பேட் அவருடைய வலப்புறத்திலிருந்து இடப்புறமாகப் பந்தின் பின்பக்கத்தை உரசிச் செல்கிறது. பந்தின் எடை 2.7 கிராம்தான். மெல்லிய உரசலே அதைக் கடுமையாகச் சுழல வைக்கப் போதும்.

இந்தப் பந்தை நேராகத் தடுத்தால் அது வாங்குபவரின் வலப்பக்கமாக விலகிப் போகும். எனவே அவர் தன் இடப்பக்கம் குறி வைக்க வேண்டும். எதிராளியின் பேட் எந்தப் பக்கத்திலிருந்து வீசத் தொடங்கியதோ அந்தப் பக்கமே குறி. பேட் இடமிருந்து வலமாகப் போகும் 'ரிவர்ஸ் பெண்டுலம்' சர்வுக்கும் இதே கணக்குதான், திசை மட்டும் மாறும்.

உண்மையான சிக்கல் இனிமேல்தான். ஊசலாடும் பேட் முதலில் கீழிறங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு மேலேறுகிறது. இறங்கும் கட்டத்தில் பந்தைத் தொட்டால் சைடு ஸ்பின்னோடு பேக் ஸ்பின்னும் சேர்கிறது. ஏறும் கட்டத்தில் தொட்டால் டாப் ஸ்பின் சேர்கிறது. வீச்சு ஒன்றுதான், தொடும் கணம் மட்டும் மாறுகிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்ற சுவீடனின் ஜான்-ஓவே வால்ட்னரின் சர்வுகளுக்கு எதிராளிகள் அஞ்சியது, ஒரே மாதிரியான அசைவில் வெவ்வேறு சுழற்சிகள் வந்ததால்தான்.

ஓர் ஆட்டத்தில் நடப்பதைப் பாருங்கள். முதல் சர்வில் பேட் இறங்கும்போது உரசல். வாங்குபவர் பேட்டை மலர்த்திப் பந்தின் அடியில் தள்ளி 'புஷ்' செய்கிறார், பந்து தாழ்வாகத் திரும்புகிறது. அடுத்த சர்விலும் அதே வீச்சு. ஆனால் இம்முறை உரசியது பேட் ஏறும்போது. தொட்ட பிறகு சர்வ் போட்டவர் பேட்டை வேண்டுமென்றே கீழே வெட்டிக் காட்டுகிறார். அதை நம்பி வாங்குபவர் மறுபடியும் புஷ் செய்ய, பந்து உயரமாக எழுந்து அவருடைய வலப்பக்கம் போகிறது. மூன்றாவது அடியில் ஸ்மாஷ், புள்ளி போய்விட்டது. பேட்டைச் சற்றுக் கவிழ்த்து, இடப்பக்கம் குறி வைத்து அடித்திருக்க வேண்டிய பந்து அது.

தொடுவதற்கு முன்னும் பின்னும் வரும் அசைவுகள் பொய் சொல்லலாம். தொடும் கணத்தில் பேட் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதைப் பொய்யாக்க முடியாது. முன்பெல்லாம் ஆட்டக்காரர்கள் அந்தக் கணத்தையே கைக்கும் தோளுக்கும் பின்னால் ஒளித்து வைத்தார்கள். 2002இல் வந்த விதி அதைத் தடுத்தது. பந்தைக் குறைந்தது 16 சென்டிமீட்டர் எறிய வேண்டும் என்ற விதியும் இருப்பதால், வாங்குபவருக்குப் பார்க்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

பேட்டின் எந்த இடத்தில் பந்து பட்டது என்பதும் முக்கியம். வீச்சில் அதிவேகமாக நகர்வது பேட்டின் நுனி, எனவே அங்கே பட்டால் சுழற்சி மிகுதி. கைப்பிடி அருகே பட்டால் வீச்சு ஆவேசமாகத் தெரிந்தாலும் பந்தில் சுழற்சி குறைவு. ஒலியும் உதவும்: மெல்லிய உரசலில் சத்தம் அடங்கி வரும், 'டக்' என்று கேட்டால் தட்டையாகத் தட்டியிருக்கிறார். பந்தில் அச்சிட்ட முத்திரை பறக்கும்போதே தெளிவாகத் தெரிந்தால் அதுவும் சுழற்சி குறைவு என்பதற்கு அடையாளம்.

இவ்வளவு பார்த்தும் தெளியாத சர்வ்கள் வரும். அப்போது மூலைக்கு ஆசைப்படாமல் மேசையின் நடுவே திருப்புவது நல்லது. கணிப்பு ஓரளவு தவறினாலும் இருபுறமும் பந்து விலக இடமிருக்கும்.