எட்டடி வராந்தா எதற்கு?

“உள்ளும் புறமும் உரையாடும் வெளிகளின் தொடர்ச்சியாக இப்பள்ளி கருக்கொள்கிறது. ஒளியும் காற்றும் கற்றலின் தோழர்களாகின்றன. நிழல் தரும் நடைவெளி ஒரு சமூகச் சங்கமம்.”

கட்டடக் கலைஞர்கள் பள்ளிக்கு எழுதும் வடிவமைப்புக் குறிப்பு பெரும்பாலும் இந்தத் தோரணையில்தான் தொடங்கும். அதே தொழிலில் இருப்பவர்கள் படித்தால் ஓரளவு ஊகித்துவிடுவார்கள்: தெற்கே அகலமான வராந்தா, இரண்டு பக்கமும் ஜன்னல், நடுவில் வகுப்பறை. ஆனால் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கப்போகிறவர்கள் வேறு ஆட்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அவர்களோடு தலைமையாசிரியர், வார்டு உறுப்பினர், பணம் திரட்டித் தரும் முன்னாள் மாணவர்கள் என்று உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் புரியாத பகுதிதான் எஸ்டிமேட்டில் முதலில் அடிபடும்.

திருச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தளம், தளத்துக்கு நான்கு வகுப்பறை, அறைக்கு 30 பேர், ஆக 240 பிள்ளைகள். அறைகள் கிழக்கு மேற்காக வரிசையில் நிற்கின்றன. தெற்கே 100 அடி நீளத்துக்கு, எட்டடி அகலத்தில் திறந்த வராந்தா. பொருளாளர் பென்சிலை எடுக்கிறார். “ஏன் சார், அஞ்சு அடி போதாதா?” மூன்றடியைக் குறைத்தால் தளத்துக்கு 300, இரண்டு தளத்துக்கும் 600 சதுர அடி மிச்சம். சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று போட்டால் 12 லட்சம். இந்தக் கேள்விக்கு ‘சமூகச் சங்கமம்’ என்பது பதில் ஆகாது. குறிப்பைத் திருத்தி எழுதுகிறவர் அந்த 12 லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

கட்டடக் கலைஞரைக் கேட்டால் சட்டென்று வரும் பதில், “வெயில் உள்ளே வராது” என்பது. அதை அப்படியே எழுதிவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். திருச்சியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். (அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.) மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை தெற்குச் சுவருக்கு இரண்டடி சன்ஷேடே போதும். வராந்தாவின் ஆழம் தேவைப்படுவது குளிர்கால மாதங்களில்தான். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணியளவில், பத்தடி உயரக் கூரை கொண்ட ஐந்தடி வராந்தாவில், வெயில் சுவரில் நாலரை அடி வரை ஏறும். ஜன்னல் மூன்றடியில் தொடங்கினால் ஒன்றரை அடிப் பட்டையாக உள்ளே விழும். எட்டடி வராந்தாவில் அது தரையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேலே நின்றுவிடும். பலன் உண்மைதான். ஆனால் வருடத்தில் சில மாதம், நாளில் சில மணி நேரம். அதுவும் மேகம் சூழ்ந்த பருவத்தில். பொருளாளர் ஒரு மூங்கில் தட்டியைக் காட்டி, “இது ஆயிரம் ரூபாய்” என்றால் வாதம் முடிந்தது.

குறிப்பைத் திருத்தும் வேலையில் முக்கியமான கட்டம் இதுதான். மொழியை மட்டும் எளிமையாக்கினால், பலவீனமான ஒரு காரணம் எல்லோருக்கும் புரியும்படி ஆகிவிடும், அவ்வளவே. வராந்தா எட்டடியாக இருப்பதற்கு வேறு வலுவான காரணம் இருக்கிறதா என்று வரைந்தவரிடம் தோண்டிக் கேட்க வேண்டும். இங்கே இருக்கிறது: மதிய உணவு. தட்டோடு சம்மணமிட்டு உட்காரும் பிள்ளைக்கு ஏறக்குறைய மூன்றடி ஆழமும் இரண்டடி அகலமும் வேண்டும். எட்டடியில் எதிரெதிராக இரண்டு வரிசை போட்டாலும் பரிமாறுகிறவர் நடக்க நடுவில் இரண்டடி மிஞ்சும். ஐந்தடியில் ஒரு வரிசைதான். கதவு வழிகளைக் கழித்துப் பார்த்தால் வரிசைக்கு 40 பேர். அதாவது எட்டடி என்றால் இரண்டு தளத்திலும் சேர்த்து ஒரே நேரத்தில் 160 பேர், ஐந்தடி என்றால் 80 பேர். 240 பிள்ளைகளுக்கு மூன்று பந்தி இரண்டாகிறது. தனிச் சாப்பாட்டுக்கூடம் கட்ட வேண்டியதும் இல்லை. சத்துணவு நேரத்தில் பள்ளிக்குப் போய்ப் பார்த்த எந்தத் தாய்க்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது திருத்திய பத்தி இப்படி வரும்:

“தெற்கே எட்டடி வராந்தா. மழை நாளிலும் பிள்ளைகள் நனையாமல் இரண்டு பந்தியில் சாப்பிட்டு முடிக்கலாம். தனிக் கூடம் தேவையில்லை. குளிர்கால மாதங்களின் பிற்பகல் வெயிலும் ஜன்னலைத் தொடாது. ஐந்தடியாகக் குறைத்தால் சுமார் 12 லட்சம் மிச்சமாகும். ஆனால் மூன்று பந்தி ஆகும். சாரல் அடிக்கும்போது வெளி விளிம்பு நனையும் என்பதால் சொரசொரப்பான தரை போடப்படுகிறது. தினமும் பெருக்க வேண்டும்.”

அழகு கொஞ்சம் குறைந்துவிட்டது என்று கட்டடக் கலைஞர் வருத்தப்படலாம். நனையும் விளிம்பை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்றும் கேட்பார். சொல்லாவிட்டால் குழுவில் ஒருவர் சொல்வார். அதற்குப் பிறகு மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். ‘அறை வெப்பம் இத்தனை டிகிரி குறையும்’ என்ற வகை வாக்குறுதிகளும் இப்படித்தான். கணக்கிட்ட தாள் கையில் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம். பதிலாக, மாடிக்கூரையில் வெள்ளை ஓடு பதிக்கிறோம், அழுக்குப் படிந்தால் பலன் குறையும், வருடம் ஒரு முறை கழுவ வேண்டும் என்று எழுதலாம்.

செலவே இல்லாத நன்மைகள் பல குறிப்புகளில் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். இந்தத் திட்டத்தில் மேற்குக் கோடியில் மாடிப்படியும் பொருள் அறையும் இருக்கின்றன. இரண்டு மணிக்கு மேல் அடிக்கும் மேற்கு வெயிலை அவை வாங்கிக்கொள்வதால் கடைசி வகுப்பறையின் சுவர் நேரடியாகக் காயாது. எங்காவது கட்டியே ஆக வேண்டிய அறையை எங்கே வைத்தோம் என்பது மட்டும்தான் இதில் உள்ள யோசனை. இதை முதல் பக்கத்தில் சொன்னால், பணம் செலவழிக்கச் சொல்லும் பகுதிகளையும் குழு பொறுமையாகக் கேட்கும்.

காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிற கட்டடத்துக்கு நல்ல உதாரணம், பிரான்சிஸ் கெரே புர்கினா ஃபாசோவில் தன் சொந்த ஊரான கண்டோவில் 2001இல் கட்டிமுடித்த தொடக்கப் பள்ளி. தகரக் கூரை உள்கூரையைத் தொடாமல் உயரே நிற்கிறது. தகரத்தின் சூடு அறைக்குள் இறங்காமல் இடையில் ஓடும் காற்றோடு போய்விடுகிறது. மண் கட்டடம் மழைக்குத் தாங்குமா என்று தயங்கிய ஊர்க்காரர்களே பிறகு கட்டுமானத்தில் கைகொடுத்தார்கள்.

கடைசிப் பத்தி, பணம் போதாமல் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றியது. பல கட்டடக் கலைஞர்களுக்கு இதை எழுதப் பிடிக்காது. ஆனால் வெட்டு எப்படியும் விழும். எங்கே விழலாம் என்பதை அவர்களே சொல்வது நல்லது. முகப்பின் செங்கல் ஜாலியை முதலில் விட்டுவிடலாம். அடுத்து வெளிப்பூச்சை இரண்டு வருடம் தள்ளிப்போடலாம். கிழக்குக் கோடியில் இருக்கும் இரண்டாவது மாடிப்படியைத் தொடக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் இறந்த பிறகு, மாடியிலிருந்து இறங்க ஒரே ஒரு வழி உள்ள பள்ளியின் வரைபடத்தை யாரும் கையெழுத்துக்கு நீட்டக் கூடாது. குறிப்பில் அந்தப் படியின் அகலம், கடைசி வகுப்பறையின் கதவிலிருந்து அதற்கு எத்தனை அடி என்ற விவரம், கீழே இறங்கியதும் பிள்ளைகள் எந்த வாசல் வழியாக மைதானத்துக்குப் போவார்கள் என்பது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பக்கத்திலேயே தரைத்தள வரைபடம், அந்த வழி சிவப்புக் கோட்டில்.